டிஸ்ப்ளே போன ஃபோன்ல இருந்து போட்டோவை மீட்கறது: கம்ப்யூட்டர்ல மிரர் பண்ணி ஓட்டறது பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

போன மாசம் எங்க அக்கா ஸ்கூட்டி முன் பாக்கெட்ல வெச்சிருந்த ஃபோன் ஸ்பீட் பிரேக்கர்ல எகிறி ரோட்ல விழுந்துச்சு. கண்ணாடி மட்டும் போயிருந்தா பரவால்ல, டிஸ்ப்ளே முழுக்க கருப்பு. கால் வந்தா ரிங் ஆகுது, சார்ஜர் போட்டா டொய்ங்னு சவுண்ட் வருது, அதாவது உள்ள உயிர் இருக்கு, முகம்தான் இல்ல. அதுல பாப்பா காது குத்து போட்டோ எல்லாம் இருந்துச்சு, பேக்கப் கிடையாது. ஃபோன் ஸ்கிரீனை கம்ப்யூட்டர்ல காட்டி, அதாவது மிரர் பண்ணி, அதை எடுத்த கதையை சொன்னதுல இருந்து ஆளாளுக்கு கேள்வி கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எல்லாம் ஒரே இடத்துல. இங்க சொல்றது முக்கால்வாசி ஆண்ட்ராய்டுக்கு.

ப்ரோ டிஸ்ப்ளே உடைஞ்சிருச்சு, முதல்ல என்ன செய்யணும்?

ஃபோனை ஆஃப் பண்ணாதீங்க. ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. பேட்டரி தீர்ந்து சாகவும் விடாதீங்க, இப்பவே சார்ஜ்ல போடுங்க. ஏன்னா இப்ப வர்ற ஆண்ட்ராய்டு ஃபோன் எல்லாத்துலயும் உள்ள இருக்கற ஃபைல்லாம் பூட்டியே இருக்கும், ஆன் பண்ணதுக்கப்புறம் முதல் தடவை நீங்க பின் நம்பரோ பேட்டர்னோ போடும்போதுதான் அந்த பூட்டு திறக்கும். அதுக்கப்புறம் ஸ்கிரீன் லாக் ஆனாலும் ஃபைல் பூட்டு திறந்தேதான் இருக்கும், அடுத்த ரீஸ்டார்ட் வரைக்கும். ஸோ காலையில நீங்க யூஸ் பண்ணிட்டு இருந்த ஃபோன் கீழ விழுந்து ஆஃப் ஆகாம இருந்தா உங்க போட்டோ எல்லாம் கை எட்டற தூரத்துல இருக்கு. ரீஸ்டார்ட் ஆனா கைரேகை கூட வேலைக்கு ஆகாது, பின் நம்பர் போட்டே ஆகணும், அதுவும் கண்ணுக்கு தெரியாத ஸ்கிரீன்ல.

எங்க வீட்ல அந்த தப்பு நடந்துருச்சு. அக்கா பையன் "நான் சரி பண்றேன்மா"ன்னு பவர் பட்டனை அமுக்கி பிடிச்சு ரீஸ்டார்ட் பண்ணிட்டான்.

இன்னொண்ணு, கையோட photos.google.com போய் உங்க அக்கவுண்ட்ல பாத்துருங்க. நிறைய பேருக்கு பேக்கப் ஆன்ல இருக்கறதே தெரியாது, போட்டோ அங்க சும்மா கிடக்கும். இலவச இடம் 15 ஜிபிதான், அது நிரம்பி ஆறு மாசமா பேக்கப் நின்னு போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால கடைசி தேதி எதுன்னு பாருங்க.

டிஸ்ப்ளே தெரியுது, டச் மட்டும் வேலை செய்யல. இதுக்கும் மிரர் பண்ணணுமா?

வேணாம், நீங்க அதிர்ஷ்டசாலி. ஒரு ஓடிஜி அடாப்டர் வாங்கி, வீட்ல இருக்கற யூஎஸ்பி மவுஸை ஃபோன்ல சொருகுங்க, ஸ்கிரீன்ல அம்புக்குறி வரும், பேட்டர்னைக் கூட மவுஸாலயே இழுத்துப் போடலாம். லாக் திறந்ததும் மவுஸை கழட்டிட்டு கேபிளை கம்ப்யூட்டர்ல சொருகணும், ஆனா அப்ப "ஃபைல் டிரான்ஸ்ஃபர்"னு செலக்ட் பண்ண மறுபடி டச் வேணும், இங்கதான் எல்லாரும் முழிப்பாங்க. அதுக்கு scrcpy-ங்கற இலவச கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஒரு வழி இருக்கு:

```
scrcpy --otg
```

இது ஸ்கிரீனை காட்டாது. உங்க கம்ப்யூட்டரோட கீபோர்டு மவுஸை, அதே கேபிள் வழியா, ஃபோன்ல நேரடியா சொருகின கீபோர்டு மவுஸ் மாதிரி நடிக்க வைக்கும். கம்ப்யூட்டர்லேந்து வர்ற கட்டளையை ஃபோன் கேக்க வைக்கற யூஎஸ்பி டீபக்கிங்ங்கற செட்டிங் ஆன்ல இல்லேன்னாலும் வேலை செய்யும், அதுதான் இதோட பெருமையே. மவுஸ் அந்த விண்டோக்குள்ள மாட்டிக்கிட்டா இடது ஆல்ட் கீயை ஒரு தட்டு தட்டினா வெளிய வந்துரும். நோட்டிஃபிகேஷனை இழுத்து ஃபைல் டிரான்ஸ்ஃபர் போட்டுட்டு, விண்டோஸ்ல சாதாரணமா போல்டர் திறந்து காப்பி பண்ணிக்கோங்க.

அது என்ன scrcpy? காசு கட்டணுமா? வைரஸ் இருக்குமா?

"ஸ்கிரீன் காப்பி"ன்னு படிக்கணும். ஜெனிமொபைல்ங்கற கம்பெனி 2018ல வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் புரோகிராம், முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, ஃபோன்ல எந்த ஆப்பும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல. கேபிள் வழியா ஃபோன் ஸ்கிரீனை கம்ப்யூட்டர்ல காட்டும், நீங்க மவுஸ்ல கிளிக் பண்றது ஃபோன்ல டச் ஆகும். கிட்ஹப்ல Genymobile/scrcpy பக்கத்துல இருந்து மட்டும் டவுன்லோடு பண்ணுங்க, அதே பேர்ல போலி சைட் நிறைய இருக்கு. விண்டோஸ் ஜிப்பை விரிச்சா ஃபோனுக்கு கட்டளை அனுப்பற adb-ங்கற கருவியும் உள்ளயே சேந்து வரும், தனியா தேட வேணாம். ஆண்ட்ராய்டு 5-க்கு மேல எதுல வேணா ஓடும்.

முக்கியமான நிபந்தனை ஒண்ணு இருக்கு, ஸ்கிரீனைப் பாக்கணும்னா ஃபோன்ல யூஎஸ்பி டீபக்கிங் ஏற்கனவே ஆன்ல இருந்திருக்கணும், அந்த கம்ப்யூட்டரை ஃபோன் ஏற்கனவே அனுமதிச்சிருக்கணும்.

டீபக்கிங் ஆன்ல இருக்கா இல்லையான்னு கருப்பு ஸ்கிரீன்ல எப்படி கண்டுபிடிக்கறது?

கேபிளை சொருகிட்டு, scrcpy போல்டர்ல ஒரு கமாண்ட் விண்டோ திறந்து இதை அடிங்க:

```
adb devices
```

வர்ற பதில்லயே உங்க தலையெழுத்து தெரிஞ்சிரும். நம்பருக்கு பக்கத்துல device-னு வந்தா எல்லாம் ரெடி, கொண்டாடுங்க. unauthorized-னு வந்தா டீபக்கிங் ஆன்ல இருக்கு, ஆனா இந்த கம்ப்யூட்டரை ஃபோனுக்கு தெரியாது, அந்த கருப்பு ஸ்கிரீன்ல "அனுமதிக்கவா"ன்னு ஒரு பெட்டி இப்ப நின்னுட்டு இருக்கு. லிஸ்ட் காலியா வந்தா டீபக்கிங் ஆஃப், இல்ல கேபிள் வெறும் சார்ஜிங் கேபிள். பின்னாடி சொன்னது சாதாரணமா நடக்கும், பவர் பேங்க் கூட வந்த கேபிள்ல எல்லாம் டேட்டா கம்பியே இருக்காது, வேற ரெண்டு கேபிள் மாத்தி பாக்காம முடிவுக்கு வராதீங்க.

எனக்கு unauthorized வருது. ஓகே பட்டனை எப்படி அமுக்கறது?

முதல்ல யோசிங்க, முன்னாடி எப்பவாவது வேற கம்ப்யூட்டர்ல இந்த ஃபோனை adb-ல கனெக்ட் பண்ணி "எப்பவும் அனுமதி" டிக் அடிச்சிருக்கீங்களா? அப்படின்னா அந்த பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிங்க. அனுமதிங்கறது ஒரு சாவி ஃபைல்தான், உங்க யூசர் போல்டர்ல .android-னு ஒரு போல்டருக்குள்ள adbkey, adbkey.pub-னு ரெண்டு ஃபைலா இருக்கும். அந்த ரெண்டையும் புது கம்ப்யூட்டர்ல அதே இடத்துல போட்டு adb kill-server அடிச்சுட்டு மறுபடி பாத்தா போதும்.

இதுல ஒரு கெடு இருக்கு, பல பேருக்கு தெரியாது. ஆண்ட்ராய்டு 11ல இருந்து, 7 நாள் கனெக்ட் பண்ணாம விட்ட கம்ப்யூட்டரோட அனுமதியை ஃபோனே தானா ரத்து பண்ணிரும், செட்டிங்ஸ் உள்ள இருக்கற டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல அதை நிறுத்தி வெச்சிருந்தா ஒழிய. அக்கா ஃபோன் விழுந்தது வெள்ளிக்கிழமை. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் ஒரு ஆப் ஏத்தறதுக்கு என் கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணியிருந்தேன், அஞ்சு நாள், அதனால தப்பிச்சோம்.

பழைய சாவி எதுவும் இல்லேன்னா குருட்டாம்போக்குல கீபோர்டாலதான் அமுக்கணும். அதே கேபிள்ல scrcpy --otg ஓட்டி டேப் கீயும் என்டரும் தட்டிப் பாக்கலாம், பெட்டியில டிக் பாக்ஸ், கேன்சல், அலவ்னு மூணு இடம், வரிசை ஃபோனுக்கு ஃபோன் மாறும். ஒவ்வொரு தடவையும் adb devices அடிச்சுப் பாருங்க, மாறலேன்னா கேபிளை கழட்டி சொருகினா பெட்டி திரும்ப வரும். ஆனா விண்டோஸ்ல adb ஏற்கனவே ஃபோனை பிடிச்சிருந்தா --otg அதைத் திறக்க முடியாம எரர் அடிக்கும், adb-ஐ நிறுத்தினா அந்த பெட்டியும் போயிரும், நாய் வாலைத் துரத்தற கதை. லினக்ஸ்ல ரெண்டும் ஒண்ணா ஓடும், உபுண்டுவை பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ட்ரை பண்ணுங்க. இன்னொரு விஷயம், ஸ்கிரீன் லாக் திறந்திருந்தாதான் பெட்டி கண்ணுக்கு எதிர்ல நிக்கும், அதனால முதல்ல பின் நம்பர் அடிச்சு என்டர் தட்டிருங்க.

device-னு வந்துருச்சு! scrcpy ஓட்டினா விண்டோ வருது, ஆனா அதுவும் கருப்பா இருக்கே?

பதறாதீங்க, எங்களுக்கும் இதேதான் ஆச்சு. ரைட் கிளிக் பண்ணா ஸ்கிரீன் முழிச்சுக்கும், மணி, வால்பேப்பர் எல்லாம் தெரிஞ்சுது, மேல ஸ்வைப் பண்ணதும் மறுபடி கருப்பு. பல ஃபோன்ல பின் நம்பர் போடற ஸ்கிரீனை மிரர்ல காட்டவே காட்டாது, யாரும் ரெக்கார்ட் பண்ணிரக் கூடாதுன்னு. பேங்க் ஆப் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாதே, அதே சங்கதி. ஸ்கிரீன் தெரியலேன்னாலும் அது அங்கதான் இருக்கு, கமாண்ட்ல அடிச்சா வாங்கிக்கும்:

```
adb shell input keyevent 224
adb shell input swipe 500 1800 500 400
adb shell input text 1234
adb shell input keyevent 66
```

முதல் வரி ஃபோனை எழுப்பும், ரெண்டாவது கீழேந்து மேல ஸ்வைப், மூணாவதுல 1234-க்கு பதிலா உங்க பின் நம்பர், நாலாவது என்டர். ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ஒரு செகண்ட் விடுங்க, ஃபோன் அனிமேஷன் முடியறதுக்குள்ள அடிச்சா முதல் எழுத்தை முழுங்கிரும். நான் அவசரத்துல மொத்தமா பேஸ்ட் பண்ணி ரெண்டு தடவை தோத்தேன். இஷ்டத்துக்கு முயற்சி பண்ணாதீங்க, தப்பா போட்டுட்டே இருந்தா கொஞ்ச நேரம் பூட்டிரும், சில ஃபோன்ல பல தடவை தப்பானா எல்லாத்தையும் அழிக்கற செட்டிங் கூட ஆன்ல இருக்கலாம்.

லாக் திறந்துச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? கண்ணு வேணாம், இதை அடிங்க:

```
adb shell ls /sdcard/DCIM
```

ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் பின் நம்பர் போடாத ஃபோன்னா இது எரர் அடிக்கும், இல்ல காலியா வரும். திறந்தாச்சுன்னா Camera, Screenshots-னு பேர் வரும். மூணாவது முயற்சியில அந்த Camera-ங்கற ஒத்த வார்த்தை வந்தப்ப அக்கா பக்கத்துல உக்காந்து அழுதுட்டாங்க, நான் இன்னும் ஒரு போட்டோ கூட காப்பி பண்ணல.

பேட்டர்ன் போட்டவங்களுக்கு இது கஷ்டம். மிரர்ல பேட்டர்ன் புள்ளி தெரிஞ்சா மவுஸால இழுங்க. புள்ளி தெரியலேன்னா கடைக்குப் போறதே மேல்.

ரெட்மி ஃபோன், மிரர் நல்லா தெரியுது, ஆனா கிளிக் பண்ணா எதுவும் நகர மாட்டேங்குது.

சியாமி, ரெட்மி, போக்கோ ஃபோன்ல டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ள இன்னொரு சுவிட்ச் தனியா இருக்கு, "USB debugging (Security settings)"னு பேர். அது ஆன்ல இல்லேன்னா பாக்க விடும், தொட விடாது, input கமாண்டும் ஓடாது. இதுக்கும் --otg-தான் கை கொடுக்கும், அது நிஜ கீபோர்டு மாதிரி போறதால அந்த சுவிட்சை கேக்காது.

மிரர் பண்ணியாச்சு, இப்ப போட்டோவை இழுத்து கம்ப்யூட்டர்ல போட்டா போதுமா?

மிரர் விண்டோலேந்து இழுத்தா வராது. கம்ப்யூட்டர்ல இருந்து ஃபைலை விண்டோ மேல போட்டா ஃபோனுக்குள்ள போகும், அது ஒருவழிப் பாதை. வெளிய எடுக்க இதுதான்:

```
adb pull -a /sdcard/DCIM
adb pull -a /sdcard/Pictures
adb pull -a /sdcard/Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

அந்த -a-வை விட்டுடாதீங்க. அது இல்லாம எடுத்தா எல்லா ஃபைலுக்கும் இன்னிக்கு தேதி விழுந்துரும். கேமராவுல எடுத்த போட்டோவுக்குள்ள தேதி தனியா இருக்கும், வாட்ஸப்ல வந்த போட்டோவுக்கு இருக்காது, அப்புறம் எது எந்த விசேஷம்னு பிரிக்கறது கஷ்டம்.

உண்மையை சொன்னா, லாக் ஏற்கனவே திறந்து அப்புறம் ரீஸ்டார்ட் ஆகாத ஃபோன்னா மிரரே தேவையில்ல. ஸ்கிரீன் லாக் ஆகியிருந்தாலும் adb pull ஓடும். மிரர் எதுக்குன்னா லாக் திறக்க, வாட்ஸப் பேக்கப் எடுக்க, கூகுள் ஃபோட்டோஸ்ல பேக்கப் ஆன் பண்ண, இந்த மாதிரி விரல் வேணுங்கற வேலைக்கு.

எங்களுக்கு DCIM மட்டும் 21 ஜிபி, இருபது நிமிஷம் ஆச்சு. முடிஞ்சதும் எண்ணிப் பாருங்க:

```
adb shell "find /sdcard/DCIM -type f | wc -l"
```

இதுல வர்ற நம்பரும் கம்ப்யூட்டர்ல போல்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கணும். குறைஞ்சா மறுபடி pull பண்ணுங்க, பாதியில கேபிள் ஆடியிருக்கும். இதுல ஒரு போனஸ், .trashed-னு ஆரம்பிக்கற ஃபைல் சிலது வந்திருக்கும், அது நீங்க டெலீட் பண்ணி இன்னும் குப்பைக் கூடையில இருக்கற போட்டோ. அந்த .trashed-ல இருந்து நம்பர் வரைக்கும் பேர்ல இருந்து எடுத்துட்டா திறக்கும். அக்கா அதுல "ஐயோ இது நல்லால்ல"ன்னு அழிச்ச நாலு செல்ஃபி கூட திரும்பி வந்துச்சு.

டச் தானா அமுங்கிக்கிட்டே இருக்கு, பேய் பிடிச்ச மாதிரி.

உடைஞ்ச டச் பேனல் தானா சிக்னல் அனுப்பும், அதுவே பின் நம்பர் தப்புத் தப்பா போட்டு ஃபோனை பூட்டிரும், யாருக்கோ கால் கூட போகும். பவர் பட்டனை ஒரு தட்டு தட்டி ஸ்கிரீனை தூங்க வைங்க, தூங்கும்போது டச்சும் பொதுவா ஓடாது. adb pull-க்கு ஸ்கிரீன் ஆன்ல இருக்க வேண்டியதில்ல, தூங்கற ஃபோன்ல இருந்தே இழுத்துரலாம். ஃபோன் கழட்டத் தெரிஞ்ச ஆள் இருந்தா டச் கேபிளை மட்டும் கழட்டச் சொல்லலாம், ஆனா பல ஃபோன்ல டச்சும் டிஸ்ப்ளேவும் ஒரே கேபிள்.

டீபக்கிங்லாம் நான் ஆன் பண்ணதே இல்ல. டிஸ்ப்ளேவும் கருப்பு. அவ்வளவுதானா?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஃபோன் டைப் சி போர்ட்லேந்து நேரா டிவிக்கு படம் அனுப்புமான்னு பாருங்க. சாம்சங் எஸ் வரிசையில 2017ல வந்த எஸ்8ல இருந்து இது இருக்கு, கூகுள் பிக்சல்ல 8ல இருந்து, அதுக்கும் 2024 ஜூன் அப்டேட் போட்டிருக்கணும். இருந்தா எச்டிஎம்ஐயும் யூஎஸ்பியும் இருக்கற டைப் சி ஹப் ஒண்ணு போதும், டிவி ஸ்கிரீன், மவுஸ், கீபோர்டு, கூடவே ஒரு பென்டிரைவ், கம்ப்யூட்டரே வேணாம். சில ஃபோன் லாக் திறந்தாதான் படம் அனுப்பும், அதனால கீபோர்டுல பின் நம்பரை அடிச்சு என்டர் தட்டிட்டு டிவியைப் பாருங்க. ஆனா பட்ஜெட் ஃபோன் பெரும்பாலானதுல இந்த வசதி கிடையாது, அடாப்டர் வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடல் ஸ்பெக்ல பாத்துக்கோங்க.

ரெண்டாவது, சர்வீஸ் கடை. புது டிஸ்ப்ளே ஒட்ட வேணாம், கடையில இருக்கற டெஸ்ட் டிஸ்ப்ளேவை கனெக்டர்ல மாட்டி லாக் திறந்து மட்டும் குடுங்க, நான் பக்கத்துலயே காப்பி பண்ணிக்கறேன்னு கேளுங்க. பல கடைக்காரங்க சின்ன தொகை வாங்கிட்டு செஞ்சு தருவாங்க. பின் நம்பரை பேப்பர்ல எழுதிக் குடுக்காம நீங்களே போடுங்க.

யூடியூப்ல ரெக்கவரி மோடுல போய் டீபக்கிங் ஆன் பண்ணலாம்னு காட்டறாங்களே? காசு குடுத்து வாங்கற ரெக்கவரி சாஃப்ட்வேர்?

பத்து வருஷம் முன்னாடி வந்த ஃபோனுக்கு அது நடந்துச்சு. இப்ப ஃபைல் எல்லாம் பூட்டி இருக்கறதால ரெக்கவரி மோடுல உங்க செட்டிங்கைத் தொட முடியாது, அதுக்காக ஃபோன் ஆன் ஆகும்போது முதல்ல ஓடற பூட்லோடரை அன்லாக் பண்ணா ஃபோன் தானே எல்லா டேட்டாவையும் அழிச்சிரும். மறுபடி சொல்றேன், அழிச்சிரும். காசு வாங்கற சாஃப்ட்வேர் பலதும் பழைய சில மாடலுக்குத்தான் உடைஞ்ச ஸ்கிரீன்ல வேலை செய்யும், மத்ததுக்கு கடைசியில "யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணுங்க"ன்னு நம்ம கிட்டயே வந்து நிக்கும்.

ஐஃபோனுக்கு?

scrcpy கிடையாது. ஏற்கனவே நம்பகமானதுன்னு ஒத்துக்கிட்ட கம்ப்யூட்டர் இருந்து, பாஸ்கோடு போட்டு திறக்க முடிஞ்சா அதுல பேக்கப் எடுக்கலாம். இல்ல ஐகிளவுட்ல பாருங்க, இல்லேன்னா டிஸ்ப்ளே மாத்துங்க.

போட்டோ எல்லாம் எடுத்தாச்சு, ஃபோனை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுரலாமா?

காப்பி பண்ணதை வேற ஒரு டிஸ்க்லயும் போட்டு, நடுவுல பத்து வீடியோ ஓட்டிப் பாத்துட்டு அப்புறம். மிரர்லயே செட்டிங்ஸ் போய் முதல்ல கூகுள் அக்கவுண்டை எடுங்க, அப்புறம் ஃபேக்டரி ரீசெட். அக்கவுண்டை எடுக்காம ரீசெட் பண்ணா வாங்கறவங்களுக்கு பழைய அக்கவுண்ட் பாஸ்வேர்டு கேட்டு நிக்க வாய்ப்பு இருக்கு, அப்படி ஆனா எக்ஸ்சேஞ்ச்ல திருப்பி அனுப்பிருவாங்க. ரீசெட் அமுக்கினதும் மிரர் கட் ஆகிரும், டீபக்கிங்கும் அதோட போயிரும், திரும்ப உள்ள போக முடியாது. அக்கா இன்னும் அமுக்கல, ஃபோன் பீரோல துணிக்கு நடுவுல இருக்கு.